யூபிஎஸ் பேட்டரி 12.9 வோல்ட் காட்டுகிறது, ஆனால் 40 விநாடியில் அணைகிறது. போர்டு கோளாறா?

கார்முகில்

வணக்கம். என்னிடம் இருப்பது 600 விஏ, 360 வாட் என்று எழுதியிருக்கும் சின்ன யூபிஎஸ். வாங்கி நாலு வருடம் ஆகிறது. முன்பெல்லாம் கரண்ட் போனால் கால் மணி நேரமாவது தாங்கும். இப்போது நாலைந்து தடவை பீப் அடித்துவிட்டு 40 விநாடியில் மொத்தமாக அணைந்துவிடுகிறது. கணினியும் மானிட்டரும்தான் லோடு, வேறு எதுவும் இல்லை.

பேட்டரி போய்விட்டது என்று நினைத்துக் கீழே இருக்கும் மூடியைத் திறந்தேன். உள்ளே 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி ஒன்று. ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் 12.9 வோல்ட் காட்டுகிறது. புது பேட்டரியே இவ்வளவுதானே காட்டும்? அப்படியானால் போர்டில்தான் கோளாறா? போர்டு என்றால் பேட்டரிக்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை, அதனால் கேட்கிறேன்.

வீட்டுவேலை

முதலில் தண்ணீர் பாருங்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஆறு மாதம் தண்ணீர் ஊற்றாமல் விட்டேன், பேக்கப் பாதியாகிவிட்டது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஒரு நாள் சார்ஜ் போட்டதும் சரியாகிவிட்டது.

கார்முகில்

அண்ணா, நீங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் பெரிய பேட்டரியைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இது செங்கல் அளவு பெட்டி. தண்ணீர் ஊற்ற மூடியே இல்லை, எல்லாம் சீல் செய்தது.

கணக்குப்பிள்ளை

12.9 இருந்தால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. 12க்குக் கீழே போனால்தான் பேட்டரி காலி என்று அர்த்தம். சார்ஜர் அல்லது மாஸ்ஃபெட் பக்கம் பாருங்கள்.

ஈயப்பெட்டி

கணக்குப்பிள்ளை சொல்வதில் பாதி சரி. ஆரோக்கியமான பேட்டரிக்கு மட்டும்தான் வோல்ட்டை வைத்து எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று சொல்ல முடியும். பேட்டரி ஆரோக்கியமாக இருக்கிறதா என்பதையே சும்மா இருக்கும்போது அளக்கும் வோல்ட் சொல்லாது. மல்டிமீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுப்பதில்லை. உள்ளே ஈரம் வற்றி, தகடு அரித்து, ஓட்டை வாளி மாதிரி ஆகிவிட்ட பேட்டரிகூட மீட்டருக்கு 13 வோல்ட் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும்.

பத்து ஆம்பியர் கேட்டுப் பாருங்கள், குட்டு வெளிப்படும். அவ்வளவு கூட வேண்டாம். வண்டி ஹெட்லைட்டில் போடும் 12 வோல்ட் 55 வாட் பல்பு ஒன்று போதும், அது நாலரை ஆம்பியர் இழுக்கும். பேட்டரியை யூபிஎஸ்ஸை விட்டு முழுதாக வெளியே எடுத்து, பல்பை நேரடியாக அதில் கட்டி, எரியும்போதே பேட்டரி முனையில் வோல்ட் பாருங்கள். நல்ல பேட்டரி 12.3, 12.4 என்று நிற்கும், அப்புறம் நிமிடக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் இறங்கும். பல்புக் கண்ணாடி பயங்கரமாகச் சுடும், கையில் பிடிக்காதீர்கள், துணிமேலும் வைக்காதீர்கள்.

பேட்டரியை எடுக்கும்போது யூபிஎஸ்ஸை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, கணினி ஒயரையும் கழற்றிவிட வேண்டும். மோதிரம் இருந்தால் அதையும். பிளக்கை உருவிவிட்டால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள். பேட்டரி இணைப்பில் இருந்து பட்டன் அழுந்திவிட்டால், அந்தப் பெட்டியே மெயின்ஸ் அளவு மின்சாரத்தை உண்டாக்கி சாக்கெட்டில் கொடுக்கும். அதற்காகத்தானே அதை வாங்குகிறோம்.

கார்முகில்

பழைய ஹெட்லைட் பல்பு கிடைத்தது சார். ஆனால் பேட்டரியை வெளியே எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. பக்கவாட்டில் வயிறு உப்பி, பெட்டிக்குள் இறுக்கமாக மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் வரவில்லை. கடைசியில் அடியில் இருந்த நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, மேல் ஓட்டைப் பிரித்து எடுத்தேன். ஸ்க்ரூ எல்லாம் ஆழமான குழிக்குள் இருக்கின்றன, நீளமான திருப்புளி வேண்டும்.

அளவு இதோ: சும்மா இருக்கும்போது 12.9. பல்பு கட்டிய உடனே 11.1. ஒரு நிமிடம் முடிவதற்குள் 9.6, பல்பு மஞ்சளாக மங்கிவிட்டது. பல்பைக் கழற்றி அஞ்சு நிமிடம் கழித்துப் பார்த்தால் மறுபடி 12.4!

ஈயப்பெட்டி

அந்த 12.4தான் எல்லோரையும் ஏமாற்றுவது. உங்கள் போர்டு எந்தத் தப்பும் செய்யவில்லை. பேட்டரி பத்தரை வோல்ட் வாக்கில் இறங்கியதும் அணைத்துவிட வேண்டும் என்பதுதான் அதன் வேலை, அதை 40 விநாடியில் செய்திருக்கிறது. பேட்டரி முடிந்தது.

வயிறு உப்பியது கவனிக்க வேண்டிய விஷயம். வயதாலும் சூட்டாலும் உப்பும், சார்ஜர் அதிக வோல்ட் கொடுத்தாலும் உப்பும். இரண்டாவது காரணம் என்றால் புதுப் பேட்டரியையும் அது ஒரே வருடத்தில் கொன்றுவிடும். அதனால் புதிதைப் போட்ட பிறகு சார்ஜர் வோல்ட்டை ஒரு தடவை அளந்துவிடுங்கள். பேட்டரி இல்லாமல் வெறும் ஒயரில் அளக்க வேண்டாம், பல மாடல்களில் அப்போது வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

அளக்கும் முறை முக்கியம். எல்லாம் அணைத்து, பிளக் உருவிய நிலையில் மல்டிமீட்டர் ஒயரை முதலைக் கிளிப்பால் பேட்டரி முனையில் மாட்டிவிடுங்கள். மீட்டரை வெளியே வைத்து மூடியைச் சாத்துங்கள். அதற்குப் பிறகுதான் பிளக். சில யூபிஎஸ்ஸில் பேட்டரி ஒயரே உள்ளுக்குள் மெயின்ஸோடு தொடர்பில் இருக்கும். 12 வோல்ட்தானே என்று பிளக் மாட்டியிருக்கும்போது கையால் தொட்டுவிடாதீர்கள்.

உப்பிய பழையதைக் குத்தவோ நெம்பவோ கூடாது. அதில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. குப்பையில் போடாமல், பழைய பேட்டரி திரும்ப எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

அப்புறம், நான் சார் இல்லை தம்பி, அக்கா.

கார்முகில்

மன்னியுங்கள் அக்கா! புதியதில் 7 ஏஹெச் வாங்கவா, 9 ஏஹெச் வாங்கவா? இரண்டும் ஒரே அளவுப் பெட்டி என்கிறார்கள்.

ஈயப்பெட்டி

நீளம் 151, அகலம் 65, உயரம் 94 மில்லிமீட்டர், இரண்டுக்கும் பொதுவாக அதே பெட்டிதான். 9 போடலாம், கொஞ்சம் அதிக நேரம் வரும், சார்ஜ் ஏறவும் கொஞ்சம் அதிக நேரமாகும். அதைவிட முக்கியம் டெர்மினல் அகலம். 4.75 மில்லிமீட்டர் குறுகல் தகடு ஒன்று, 6.35 மில்லிமீட்டர் அகலத் தகடு ஒன்று. பேட்டரியில் F1, F2 என்று போட்டிருக்கும், அகலமானது F2. உங்கள் ஒயர் நுனியில் இருக்கும் லக் எதற்குப் பொருந்துகிறது என்று பழைய பேட்டரியைப் பார்த்து வாங்குங்கள்.

புதியபொறி

இந்தக் காலத்தில் ஈய பேட்டரியா? அதே அளவில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் கிடைக்கிறது. எடை பாதிகூட இல்லை, பத்து வருடம் வரும். அதைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

ஈயப்பெட்டி

போட்டவர்கள் இருக்கிறார்கள், ஓடுகிறது என்றும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டு தயக்கம். யூபிஎஸ் மிச்ச நேரத்தை வோல்ட்டை வைத்துத்தான் ஊகிக்கிறது. லித்தியத்தின் வோல்ட் கடைசி வரை சமமாக நின்றுவிட்டுத் திடீரென்று விழும். பீப் அவசரமாக மாறும்போது உங்களுக்கு இரண்டு நிமிடம் இருக்கிறதா, இரண்டு விநாடி இருக்கிறதா என்று தெரியாது. இன்னொன்று, உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு எத்தனை ஆம்பியர் வரை விடும் என்பது. 360 வாட் முழு லோடில் 35 ஆம்பியருக்கு மேல் போகும். அந்த எண்ணைப் பார்க்காமல் வாங்கினால் கரண்ட் போன அந்தக் கணமே அது தன்னைப் பாதுகாத்துக்கொண்டு உங்களை விட்டுவிடும்.

புதியபொறி

என் லோடு 90 வாட்தான், ஒரு வருடமாக ஓடுகிறது. 35 ஆம்பியர் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது.

ஈயப்பெட்டி

90 வாட்டுக்கு நீங்கள் சொல்வது சரிதான். ஒரு வருடத்தை வைத்துப் பத்து வருடம் என்று சொல்லாமல் இருந்தால் எனக்குச் சண்டையே இல்லை.

கார்முகில்

7 ஏஹெச் ஈய பேட்டரியே வாங்கிவிட்டேன். கருப்பு முதலில் கழற்றி, சிவப்பு அடுத்து. மாட்டும்போது சிவப்பு முதலில், கருப்பு கடைசி. கருப்பை மாட்டும்போது டப் என்று சின்னப் பொறி பறந்தது, பயந்துவிட்டேன். அது சாதாரணமா?

எல்லாம் மாட்டி மூன்று மணி நேரம் சார்ஜ் போட்டேன். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை யூபிஎஸ்ஸில் மாட்டி, சுவரிலிருந்து பிளக்கை உருவி ஸ்டாப்வாட்ச் போட்டேன். 9 நிமிடம் 40 விநாடி. இதற்கா புதுப் பேட்டரி?

கணக்குப்பிள்ளை

உங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். கணக்கு எளிது. 12 வோல்ட், 7 ஏஹெச், பெருக்கினால் 84 வாட் மணி. 100 வாட் பல்பு 50 நிமிடம் எரிய வேண்டும். 10 நிமிடம்கூட வரவில்லை என்றால் அது போலி. திருப்பிக் கொடுங்கள்.

தூக்கமில்லாதவன்

நான் 9 வாட் எல்ஈடி பல்பு போட்டுத்தான் சோதித்தேன், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வந்தது. குண்டு பல்பு கரண்ட்டைத் தின்னும், எல்ஈடி போட்டுப் பாருங்கள்.

ஈயப்பெட்டி

தின்ன வேண்டும் என்றுதானே குண்டு பல்பைப் போடுகிறோம்! கணினி இழுக்கும் அளவுக்கு லோடு கொடுத்தால்தான் அது சோதனை. 9 வாட்டில் ஓடிய நேரத்தை வைத்துக் கணினி எத்தனை நிமிடம் ஓடும் என்று சொல்லவே முடியாது, முக்கால்வாசி யூபிஎஸ் தன் சொந்தச் செலவுக்கே அதைவிட அதிகம் எடுத்துக்கொள்ளும். குண்டு பல்பில் இன்னொரு வசதி, அலை வடிவம் எப்படி இருந்தாலும் அது கவலைப்படாது. ஃபேன், லேசர் பிரிண்டர் இவற்றைச் சோதனைக்கு மாட்டாதீர்கள்.

இப்போது கணக்கு. கணக்குப்பிள்ளையின் பெருக்கல் சரி, ஆனால் அந்த 7 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 20 மணி நேரம் மெதுவாக, 0.35 ஆம்பியர் வீதம் எடுத்தால்தான் 7 ஏஹெச் கிடைக்கும். பேட்டரியை அவசரப்படுத்தினால் அது குறைவாகத்தான் தரும், மிச்சம் உள்ளேயே தங்கிவிடும்.

உங்கள் லோடு 100 வாட். யூபிஎஸ் வழியில் ஐந்தில் ஒரு பங்கு சூடாகப் போகும், எனவே பேட்டரியிடம் 125 வாட் கேட்கிறீர்கள். ஓடும்போது பேட்டரி சராசரியாக 11.7 வோல்ட் என்று வையுங்கள், பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் ஆம்பியர் வருகிறது. அதே 7 ஏஹெச் பேட்டரி அந்த வேகத்தில் 20 முதல் 25 நிமிடம் வரைதான் தாக்குப்பிடிக்கும். எந்த நல்ல கம்பெனியின் டேட்டா ஷீட்டிலும் இந்த அட்டவணை இருக்கும். ஆக இலக்கு 50 இல்லை, 20க்கு மேல்.

9:40 ஏன் வந்தது? மூன்று மணி நேரம் போதாது தம்பி. கடையில் இருந்த பேட்டரி அரைகுறை சார்ஜில்தான் வரும். சின்ன யூபிஎஸ்ஸின் சார்ஜர் ஒரு ஆம்பியர்கூட கொடுக்காது, கடைசிப் பகுதியில் இன்னும் குறைத்துவிடும். ஒரு முழு நாள் விடுங்கள். இப்போது நீங்கள் காலி செய்துவிட்டதால் உடனே சார்ஜில் போடுங்கள், காலியாக வைத்திருந்தால் உள்ளே படிகம் கட்டிவிடும்.

பொறி பறந்தது சாதாரணம், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்பும் சத்தம் அது. சிவப்பும் கருப்பும் மாறியிருந்தால் சின்னப் பொறியோடு நிற்காது, ஃபியூஸ் போகும், மாஸ்ஃபெட்டும் போகலாம்.

கணக்குப்பிள்ளை

20 மணி நேரக் கணக்கு எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பெட்டியில் 7 என்று எழுதிவிட்டு இரண்டரை, மூணுதான் கொடுப்பது என்ன நியாயம்?

ஈயப்பெட்டி

பத்தரை ஆம்பியரில் 23 நிமிடம் என்றால் நாலு ஏஹெச் கொடுத்துவிடும். முழு 360 வாட்டில்தான் இரண்டரை மாதிரி ஆகும், மூணு நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். நியாயமில்லைதான். அதனால்தான் யூபிஎஸ்ஸுக்கென்றே செய்யும் பேட்டரிகளில் ஏஹெச்சை விட்டுவிட்டு, 15 நிமிடத்துக்கு ஒரு செல் எத்தனை வாட் தரும் என்று எழுதுகிறார்கள்.

கார்முகில்

நேற்று முழுக்க சார்ஜ். கிளிப் மாட்டி மூடி வைத்து அளந்தேன்: 13.65 வோல்ட், அசையாமல் நிற்கிறது. இது சரிதானே?

இன்று அதே 100 வாட் பல்பு: 16 நிமிடம் 20 விநாடி. கூடியிருக்கிறது, ஆனால் 20 இல்லை.

ஈயப்பெட்டி

13.65 அருமை. பதிமூன்றரைக்கும் 13.8க்கும் நடுவில் இருந்தால் சார்ஜர் மேல் குற்றமில்லை. முழு சார்ஜுக்குப் பிறகும் 14க்கு மேல் நின்றிருந்தால்தான் கவலை. அப்படியானால் பழையது உப்பியது வயதால், அல்லது யூபிஎஸ் இருக்கும் இடத்துச் சூட்டால். அது எங்கே இருக்கிறது?

16:20 என்பதை நான் பேட்டரிமேல் போட மாட்டேன், இப்போதைக்கு. புதுப் பேட்டரியின் டெர்மினல் எந்த அகலம்?

கார்முகில்

மேசைக்கு அடியில், கணினிப் பெட்டியின் பின்பக்கம் ஒட்டி. சூடான காற்று நேராக அதன்மேல்தான் அடிக்கிறது.

டெர்மினல்… நீங்கள் சொன்னதை மறந்துவிட்டு வாங்கினேன். பழையதில் அகலம், புதியதில் குறுகல். லக் போய் உட்கார்ந்தது, அதனால் கவலைப்படவில்லை. இப்போது அசைத்துப் பார்த்தால் தொளதொளவென்று ஆடுகிறது.

ஈயப்பெட்டி

கிடைத்துவிட்டது. இரண்டு கிளிப்பை இடம் மாற்றிப் போடுங்கள். ஒன்று பேட்டரித் தகட்டின்மேல், மற்றது அதே பக்கத்து ஒயரின் லக்மேல். அதாவது அந்த இணைப்புக்கு இரண்டு பக்கமும். எல்லாம் அணைத்த நிலையில் மாட்டி, மூடி, பல்பை ஓட விட்டு எண்ணைப் பாருங்கள். நல்ல இணைப்பில் ஒரு வோல்ட்டின் நூறில் சில பங்குதான் வர வேண்டும்.

கார்முகில்

சிவப்புப் பக்கம் 0.08. கருப்புப் பக்கம் 0.52!

சோதனை முடிந்து அணைத்து, பிளக்கையும் உருவிய பிறகு கருப்பு லக்கைத் தொட்டேன், நன்றாகச் சூடாக இருந்தது. பிளாஸ்டிக் உறை ஓரத்தில் லேசாக நிறம் மாறியிருக்கிறது.

ஈயப்பெட்டி

அரை வோல்ட்டை அந்த ஆடும் லக் விழுங்குகிறது. பேட்டரியில் 11.1 இருக்கும்போதே போர்டு கண்ணுக்கு 10.5 என்று தெரிகிறது, அது கடமை தவறாமல் அணைத்துவிடுகிறது. உங்கள் ஐந்தாறு நிமிடம் பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது. நேரம் போவதைவிட, அரை வோல்ட் பத்து ஆம்பியர் என்றால் அந்தச் சின்ன இடத்தில் 5 வாட் சூடு. முழு லோடில் இது பல மடங்காகும், தீப்பிடிக்கும் விஷயம். இப்படியே விடாதீர்கள்.

வீட்டுவேலை

குறடால் லக்கைக் கொஞ்சம் நசுக்கிவிட்டால் இறுக்கமாகிவிடும். நான் வண்டியில் அப்படித்தான் செய்வேன்.

ஈயப்பெட்டி

உயர வாக்கில் லேசாக நசுக்கினால் பிடிக்கும், ஆனால் அகலம் இன்னும் பொருந்தாது. பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே சூடுபட்ட லக்கின் பிடிப்பும் தளர்ந்திருக்கும். என் கருத்தில் கருப்பு ஒயருக்குக் குறுகல் லக் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள், இல்லை என்றால் அகல டெர்மினல் பேட்டரியாக மாற்றி வாங்குங்கள். குறுகலை அகலமாக்கும் அடாப்டர் தகடும் கிடைக்கும், ஆனால் அதுவும் இன்னொரு இணைப்புதான்.

தூக்கமில்லாதவன்

இடையில் என் பிரச்சினை ஒன்று. யூபிஎஸ்ஸில் மோடம் மட்டும் மாட்டியிருக்கிறேன். கரண்ட் போனால் சரியாக ஐந்து நிமிடத்தில் அணைகிறது. எல்ஈடி பல்பும் சேர்த்து மாட்டினால் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது! லோடு கூடினால் நேரம் கூடும் பேட்டரியை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

ஈயப்பெட்டி

பேட்டரி பாவம், அதை விட்டுவிடுங்கள். லோடு மிகக் குறைவாக இருந்தால் யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்து அணைந்துகொள்ளும் பழக்கம் சில மாடல்களில் உண்டு. கையேட்டில் பாருங்கள், சிலவற்றில் பட்டனை நீண்ட நேரம் அழுத்தி அதை நிறுத்தலாம், சிலவற்றில் முடியாது.

கார்முகில்

கடையில் அகல டெர்மினலுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கருப்பு லக்கையும் வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்தேன். யூபிஎஸ்ஸை மேசையின் மறு ஓரத்துக்கு நகர்த்திவிட்டேன். முழு நாள் சார்ஜ் ஏறுகிறது. சோதனை நேரத்தில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருக்காமல் இருக்க வழி உண்டா?

புதியபொறி

பல்போடு ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். லேப்டாப் தன் பேட்டரியில் ஓடட்டும். லினக்ஸ் என்றால் இது போதும்:

```
while ping -c1 -W1 192.168.1.1 >/dev/null
do date >> ups.txt; sleep 5; done
```

ரவுட்டர் அணைந்ததும் நின்றுவிடும், கடைசி வரிதான் அணைந்த நேரம்.

தூக்கமில்லாதவன்

வைஃபையில் ஒரு பாக்கெட் தவறினாலும் நின்றுவிடுமே. எனக்கு நாலாவது நிமிடத்திலேயே நின்றது.

புதியபொறி

உண்மைதான். அப்படியானால் இது, கையால் நிறுத்த வேண்டும்:

```
while true
do ping -c1 -W1 192.168.1.1 >/dev/null && date >> ups.txt
sleep 5; done
```

ஈயப்பெட்டி

ரவுட்டரின் பத்து வாட்டையும் லோடில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஓடும்போது பக்கத்தில் இருங்கள். புதிதாகத் திறந்து மூடிய பெட்டியை முதல் தடவை தனியாக விட்டுவிட்டுப் போகக்கூடாது.

கார்முகில்

பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்டாப்வாட்சில்தான் பார்த்தேன், ரவுட்டர் இல்லாமல், பல்பு மட்டும். 21 நிமிடம் 50 விநாடி. கருப்பு இணைப்பில் 0.04 வோல்ட். கை வைத்துப் பார்த்தேன், சூடே இல்லை.

மறுபடி முழு சார்ஜுக்குப் பிறகு கணினி, மானிட்டர் இரண்டையும் மாட்டினேன். வாட் மீட்டர் சுமார் 120 காட்டுகிறது. வேலை எதுவும் திறக்காமல் ஒரு பென்டிரைவ் லினக்ஸில் ஓட விட்டேன், வட்டு கெடக்கூடாது என்று. 17 நிமிடம் 30 விநாடி வந்தது. இனி கரண்ட் போனால் பத்தாவது நிமிடத்தில் மூடிவிடுவேன்.

கணக்குப்பிள்ளை

100க்கு 21:50, 120க்கு 18:10 வர வேண்டும், பெருக்கல் வகுத்தல்படி. 40 விநாடி குறைகிறது.

ஈயப்பெட்டி

இப்போது நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். லோடு கூடினால் நேரம் விகிதத்தைவிட அதிகமாகக் குறையும், அந்த 40 விநாடி அதுதான்.

கார்முகில், பேட்டரிமேல் மார்க்கரால் தேதியும் "100 வாட், 21:50" என்றும் எழுதிவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதே பல்பால் சோதித்தால் போதும், அடிக்கடி முழுதாகக் காலி செய்தால் அதுவே தேய்மானம். 13, 14 நிமிடத்துக்கு வந்தால் அடுத்ததற்குத் தயாராகுங்கள்.

மஞ்சள்வெயில்

என்னுடையது யூஎஸ்பி ஒயரோடு வரும் மாடல். பேட்டரி மாற்றிய பிறகும் `apcaccess status` என்று கொடுத்தால் `TIMELEFT` 3 நிமிடம் என்றே காட்டுகிறது. கணினியும் அதை நம்பி உடனே அணைந்துவிடுகிறது. பல்பு வைத்துப் பார்த்தால் 20 நிமிடம் ஓடுகிறது.

ஈயப்பெட்டி

அது பழைய பேட்டரியின் நினைவில் இருக்கிறது. `apcupsd` சேவையை நிறுத்திவிட்டு `apctest` ஓட்டுங்கள். உங்கள் மாடல் அனுமதித்தால் பேட்டரி தேதி மாற்றவும் காலிபரேஷன் செய்யவும் மெனுவில் வரும். காலிபரேஷனுக்கு முழு சார்ஜும் நிலையான லோடும் வேண்டும், பல்பே நல்லது. மெனுவில் அது வராவிட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

படத்தொகுப்பாளி

நானும் இதையெல்லாம் செய்தேன். புதுப் பேட்டரி, லக் இறுக்கம், பல்பு 22 நிமிடம் எரிகிறது. ஆனால் கரண்ட் போன அந்தக் கணமே கணினி மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது, மானிட்டர் அணைவதில்லை. பெரிய கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது.

ஈயப்பெட்டி

இரண்டு சந்தேகம். வீடியோ ரெண்டர் ஓடும்போது லோடு 360 வாட்டைத் தாண்டுகிறதா? இல்லை என்றால், ரிலே மாறும் அந்தச் சில மில்லிவிநாடியை உங்கள் பவர் சப்ளை தாங்கவில்லை, அல்லது யூபிஎஸ் தரும் படிக்கட்டு அலை அதற்கு ஒத்துவரவில்லை. எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. கணினி சும்மா இருக்கும்போது, எதுவும் ஓடாமல், பிளக்கை உருவிப் பாருங்கள். அப்போது தாங்கினால் முதல் காரணம் பக்கம் சாயலாம்.

புதியபொறி

சும்மா இருக்கும்போது தாங்கினாலும் அது முதல் காரணம்தான் என்று சொல்லிவிட முடியாதே. லோடு குறைந்தால் பவர் சப்ளையும் அதிக நேரம் தாங்கும்.

ஈயப்பெட்டி

அதுவும் சரி. அப்படியானால் வாட் மீட்டரும் வேண்டும்.

படத்தொகுப்பாளி

இன்று இரவு ரெண்டர் முடிந்ததும் உருவிப் பார்க்கிறேன். வாட் மீட்டர் நண்பரிடம் கேட்டிருக்கிறேன், கிடைத்ததும் எண்ணைப் போடுகிறேன்.